மழைக்குட்டைப் படத்தில் இருப்பது எந்தத் தவளையின் முட்டை, எந்தத் தவளையின் தலைப்பிரட்டை?

தமிழ்நாட்டுச் சமவெளியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், காலி மனையிலோ சாலையோரப் பள்ளத்திலோ தேங்கிய நீரைப் படமெடுத்து, "இது என்ன தவளை?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே விடையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். கறுப்பாக இருந்தால் சொறித்தவளை, பழுப்பாக இருந்தால் வேறு ஏதோ ஒன்று என்பதே அந்த விடை. நிறத்தை வைத்துத் தொடங்குவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நேரும் பிழை. கலங்கிய நீரில் வளரும் தலைப்பிரட்டை வெளுத்துப் போவதும், அதே இனம் தெளிந்த நீரில் கருத்துப் புள்ளிகளோடு வளர்வதும் வழக்கம். ஆகவே முட்டையானால் அது இடப்பட்டிருக்கும் வடிவத்தையும், தலைப்பிரட்டையானால் அதன் கண் அமைந்திருக்கும் இடத்தையும் முதலில் பார்க்க வேண்டும். நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

பெயர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 'தேரை' என்ற சொல் சில ஊர்களில் தோல் சொரசொரத்த தரைத்தவளையைக் குறிக்கிறது. வேறு சில ஊர்களில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையைக் குறிக்கிறது. குழப்பம் வராமலிருக்க, முதலில் சொன்னதைச் சொறித்தவளை என்றும், இரண்டாவதை மரத்தவளை என்றும் இங்கே எழுதுகிறேன். மலைக்காட்டு ஓடைகளில் வாழும் தவளைகளுக்கு இந்த வழிமுறை பொருந்தாது. சமவெளியில், ஓடாத மழைநீரில் முட்டையிடும் தவளைகளுக்கு மட்டுமே இது உதவும்.

படத்தைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை

படத்தை அனுப்பியவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டு வாங்குங்கள். எந்த மாவட்டம், எந்தத் தேதி, அந்தக் குட்டை நிறைந்து எத்தனை நாளாயிற்று என்பவையே அவை. மூன்றாவது செய்தி எளிதாகத் தோன்றினாலும் அதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். மூன்று நாளுக்கு முன் நிறைந்த குட்டை என்று ஒருவர் சொல்கிறார், படத்தில் இரண்டு அங்குல நீளத் தலைப்பிரட்டை நீந்துகிறது என்றால், அது அந்தக் குட்டையில் பிறந்ததாக இருக்க முடியாது. பக்கத்து ஏரியோ வாய்க்காலோ நிரம்பி வழிந்து அதைக் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும். அல்லது குட்டை அவர் நினைப்பதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். எப்படியானாலும், நிலையான நீரில் வாழும் தவளைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள நேரும்.

அடுத்து, அது தவளையினுடையதுதானா என்று பாருங்கள். நீர்நத்தையின் முட்டைகள் இலையின் அடிப்புறத்தில் கண்ணாடி போன்ற சிறு கூழ்ப்பட்டையாக ஒட்டியிருக்கும். அவற்றில் தவளை முட்டைக்குரிய கரும்புள்ளி இராது. கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு வகைப் பூச்சியும் கூழில் முட்டையிடுகிறது. அதன் முட்டைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் மிகச் சிறியவை. கூழ்க்கயிறு முழுவதும் சில சென்டிமீட்டருக்கு மேல் நீளாது. நீந்துவது எதுவானாலும், தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் துடுப்புகள் இருந்தால் அது மீன்குஞ்சு. வரிசையாகப் பல கால்கள் அசைந்தால் அது இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர். தலைப்பிரட்டைக்குத் துடுப்பு வாலில் மட்டுமே உண்டு.

முட்டையானால் வடிவத்தைப் பாருங்கள்

கூழாலான நீண்ட கயிற்றில் கருமணிகள் கோத்ததுபோல் இருந்தால் அது சொறித்தவளையின் முட்டை. இந்த ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். பெண் தவளையின் இரு முட்டைக்குழாய்களிலிருந்தும் ஒவ்வொரு கயிறு வெளிவருவதால், பெரும்பாலும் இரண்டு கயிறுகள் இணையாக ஓடி, புல்தண்டுகளைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும். ஓரிரு நாளில் கூழ் ஊதித் தளர்ந்து, கயிறு என்று சொல்ல முடியாத அளவுக்குக் குழைந்துவிடும். அப்போது காற்புள்ளி வடிவத்தில் கருங்குஞ்சுகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். புதியவர்கள் இந்த நிலையைத்தான் 'முட்டைக் கொத்து' என்று எழுதி அனுப்புகிறார்கள். படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைத் தேடினால், குலையாத கயிற்றின் ஒரு சாணாவது கிடைக்கும். சமவெளியில் கயிறாக முட்டையிடும் சொறித்தவளை ஒன்றுக்கு மேற்பட்ட இனமாக இருப்பதால், எங்கும் காணப்படும் பெரிய சொறித்தவளையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாமே தவிர, கயிற்றை மட்டும் பார்த்து இனத்தை உறுதிசெய்ய இயலாது.

நீர்ப்பரப்பின் மேல் ஒரே அடுக்காக, கடுகைத் தூவியதுபோல் முட்டைகள் மிதந்தால், அது பெரும்பாலும் குறுவாய்த் தவளை அல்லது பலூன் தவளை இட்டது. குறுவாய்த் தவளை என்பது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, கூரிய மூக்குடைய சிறு தவளை. பலூன் தவளை என்பது ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைந்து கழித்து, மழையில் வெளிவரும் உருண்டைத் தவளை. வெயிலில் சூடேறும் ஆழமற்ற நீரில் ஆக்சிஜன் குறைவு. முட்டைகள் அடுக்கடுக்காகக் குவிந்தால் நடுவில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும். காற்றைத் தொட்டபடி ஒரே அடுக்காகப் பரவிக்கிடந்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்தப் படலத்தை நிழற்படத்தில் காண்பது கடினம். வானத்தின் எதிரொளிப்பு அதை முழுவதும் மறைத்துவிடும். ஒரே நாளில்கூடப் பொரித்துவிடுவதால், மறுநாள் போய்ப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் அது இராது.

நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ, தொட்டியின் சுவரிலோ, குட்டையின் ஈரக்கரையிலோ சோப்பு நுரைபோல் வெள்ளை உருண்டை ஒட்டியிருந்தால் அது மரத்தவளையின் நுரைக்கூடு. நாளாக ஆகக் காய்ந்து பழுப்பு மஞ்சளாகும். குஞ்சுகள் சில நாள் கழித்து நுரை இளகி நீரில் சொட்டுவதால், கூடு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே நீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறும் இல்லை, படலமும் இல்லை, நுரையும் இல்லை. முட்டைகள் சிறு சிறு கொத்துகளாகப் புல்லிலும் சேற்றிலும் ஒட்டிக்கிடக்கின்றன என்றால், அங்கே நின்றுவிடுவது நல்லது. வயல்தவளை, பெருந்தவளை, மண்ணைத் தோண்டிப் புதையும் நுணல் ஆகியவை எல்லாம் ஏறத்தாழ ஒரே குடும்பத்தவை. முட்டைப் படத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்துச் சொல்கிறவர் ஊகிக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பொரித்த பின் தலைப்பிரட்டையைப் பார்த்துக்கொள்ளலாம்.

தலைப்பிரட்டையானால் கண்ணைப் பாருங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில், உடலின் வெளிக்கோட்டை மனத்தால் வரைந்துகொள்ளுங்கள். இரு கண்களுக்கும் வெளியே உடலின் ஓரம் தெரிகிறதா, அதாவது கண்கள் வெளிக்கோட்டுக்கு உள்ளே முதுகின் மேல் அமைந்திருக்கின்றனவா? அல்லது கண்கள் வெளிக்கோட்டின் மேலேயே அமர்ந்து, இரு பக்கமும் புடைத்துத் தெரிகின்றனவா? இந்த ஒரு கேள்வி சமவெளித் தலைப்பிரட்டைகளை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தரையைச் சுரண்டித் தின்பவற்றுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. அவற்றின் கண்கள் முதுகில் உள்ளன. இடைநீரில் மிதப்பவற்றுக்கு எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றின் கண்கள் பக்கவாட்டில் உள்ளன. சொறித்தவளை, வயல்தவளை, பெருந்தவளை, நுணல் ஆகியவை முதல் வகை. குறுவாய்த் தவளை, பலூன் தவளை, மரத்தவளை ஆகியவை இரண்டாம் வகை.

கண்கள் பக்கவாட்டில் இருந்தால் மேற்கொண்டு பிரிப்பது எளிது. மூக்கின் நுனியில் வெள்ளிப்பொட்டு வைத்ததுபோல் ஒரு வெண்புள்ளி மின்னினால், அது மரத்தவளைக் குஞ்சு. உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து, இரண்டு கண்களும் குடல்சுருளும் மட்டும் நீரில் மிதப்பதுபோல் தோன்றினால், அது குறுவாய்த் தவளைக் குஞ்சு. அது ஓரிடத்தில் அசையாமல் நிற்பதாகத் தெரியும். கூர்ந்து பார்த்தால் இழைபோல் மெலிந்த வால்நுனி மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். உடல் கருத்து, மேலிருந்து பார்க்க அகன்று தட்டையாக இருந்தால் பலூன் தவளையை நினைக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டுக்கும் வாய் முகத்தின் நுனியில் இருக்கிறது. அவை நீரை வடிகட்டி நுண்பாசியை உண்பதால், மற்றத் தலைப்பிரட்டைகளின் வாயில் காணப்படும் கறுத்த கொம்புத்தாடை அவற்றுக்கு இல்லை.

கண்கள் முதுகில் இருந்தால் வயிற்றைப் பாருங்கள். முதுகு, வயிறு, வாலின் தசை எல்லாம் ஒரே கறுப்பாக இருந்து, வால்துடுப்பு மட்டும் ஏறத்தாழ நிறமற்று, வால்நுனி மழுங்கியிருந்தால் அது சொறித்தவளை. அதன் வயிற்றுத் தோல் கருமையால் குடல் வெளியே தெரியாது. அளவும் சிறியது, ஓர் அங்குலத்தைத் தாண்டுவது அரிது. கரையோரத்தில் நூற்றுக்கணக்கில் கூடி ஒரே பக்கமாக நகரும் கூட்டம் இதற்கு நல்ல துணைச்சான்று.

வயிற்றுத் தோல் வெளுத்து, குடல்சுருள் தெரிந்து, முதுகில் பழுப்பும் புள்ளியும் கலந்திருந்தால் அது வயல்தவளையின் பெருங்குடும்பம். இதில் பெருந்தவளையை மட்டும் ஓரளவு பிரிக்கலாம். மழை இரவில் மஞ்சளாக மாறி, தாடையின் இரு பக்கமும் நீலப்பை ஊதிக் கத்துமே, அதன் குஞ்சு அது. தடித்த வால், பெரிய உடல், பிற தலைப்பிரட்டைகளைப் பிடித்து உண்ணும் வலுவான தாடை ஆகியவை அதன் அடையாளம். குட்டையில் முந்தின வாரம் நூறு இருந்து இப்போது பெரியவை நாலைந்து மட்டும் எஞ்சியிருந்தால் ஐயம் அதன்மேல்தான் விழ வேண்டும். ஆனால் செத்த தலைப்பிரட்டையைக் கொறிப்பது மற்ற இனங்களுக்கும் உள்ள பழக்கம். ஒன்றை ஒன்று தின்னும் படம் வந்தவுடன் பெருந்தவளை என்று எழுதிவிடாமல், தின்னப்படுவது உயிரோடு இருந்ததா என்று கேளுங்கள்.

வயதும் ஒரு வரம்பு. கென்னத் காஸ்னர் என்பவர் 1960இல் தவளைகளின் வளர்ச்சியை 46 படிநிலைகளாகப் பிரித்தார். அடையாளம் காண்போர் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள். பொரித்து ஓரிரு நாளான குஞ்சுக்கு வாயும் நிறமும் முழுதாக உருவாகியிருக்காது. முன்கால் வெளிவந்த பின் வாயின் அமைப்பே சிதைந்து தவளை வாயாக மாறத் தொடங்கிவிடும். பின்கால் மொட்டு தோன்றியதிலிருந்து முன்கால் வெளிவரும் வரை உள்ள இடைப்பட்ட காலத்துப் படம்தான் நம்பத்தக்கது. படத்தில் வாலின் அடியில் சிறு மொட்டோ காலோ தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் விடையில் உங்கள் துணிவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

பயன்படும் படம் எடுப்பது

நின்றபடி எடுத்த படத்தில் வானமும் படமெடுத்தவரின் நிழலும்தான் அதிகம் இருக்கும். குடையை விரித்து நீரின்மேல் நிழல் விழச் செய்து, கைப்பேசியை நேர் கீழ்நோக்கிப் பிடித்தால் எதிரொளிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். ஃபிளாஷைப் போடக் கூடாது. அடுத்து, அந்தக் குட்டையின் நீரையே கொஞ்சம் முகந்து, நாலைந்து தலைப்பிரட்டைகளை வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். பின் அவற்றை நேர்ச்சுவருள்ள கண்ணாடிக் குவளைக்கு மாற்றிப் பக்கவாட்டில் ஒன்றும், குவளையைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டும். கிண்ணத்துக்கு அருகே அளவுகோலை வையுங்கள். கொசுவிரட்டியோ கிருமிநாசினியோ பூசிய கையை நீரில் விடக் கூடாது. தலைப்பிரட்டை தோலாலும் மூச்சுவிடுவதால் அது நஞ்சாகும். சில நிமிடங்களில் வேலையை முடித்து, எடுத்த குட்டையிலேயே விட்டுவிட வேண்டும். பக்கத்தில் இன்னும் பெரிய குட்டை இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அதில் மாற்றுவது, தவளைகளுக்குரிய தோல்நோயை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வழி.

ஒரு படத்தைப் படித்த விதம்

ஓர் ஐப்பசி மாதம், செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடு கட்டாத மனையொன்றிலிருந்து நண்பரின் தம்பி படம் அனுப்பினார். கணுக்கால் அளவு நீரில் கரும்புள்ளிகள் தெரிந்தன. "அண்ணா, சொறித்தவளைதானே?" என்று எழுதியிருந்தார். குட்டை நிறைந்து எட்டு நாள் ஆகியிருந்தது. படத்தில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: புள்ளிகள் கரையோரத்தில் திரளாமல், நீர் முழுவதும் ஏறத்தாழச் சம இடைவெளியில் நின்றன. கயிறு ஏதும் கண்டீர்களா என்று கேட்டேன். கயிறு இல்லை என்றும், மழைக்கு மறுநாள் காலையில் நீரின்மேல் கடுகு தெளித்ததுபோல் ஏதோ கிடந்ததாகவும், அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

மறுநாள் அவர் கிண்ணத்தில் எடுத்த படம் வந்தது. கருங்குஞ்சுகளின் தலைப்பக்கம் மண்வெட்டியின் அலகுபோல் அகன்றிருந்தது. கண்கள் வெளிக்கோட்டின் மேலேயே இருந்தன. அந்த ஒரு செய்தியால் சொறித்தவளை விலகிவிட்டது. குவளையின் பக்கவாட்டுப் படத்தில் வாய் முகத்தின் நுனியில் இருந்தது; கறுத்த தாடைக்கோடு தெரியவில்லை; மூக்கில் வெண்புள்ளியும் இல்லை. பின்கால் மொட்டு தெரிந்ததால் வயதும் போதுமானதாக இருந்தது. ஆகவே பலூன் தவளை என்று முடிவுசெய்தோம்.

அதே கிண்ணத்தில் அவர் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. வெள்ளைப் பின்னணியில் இரண்டு கண்களும் ஒரு குடல்சுருளும் மட்டும் தனியே மிதந்தன. படத்தின் மாறுபாட்டைக் கூட்டியபோது அப்படி மூன்று தெரிந்தன. அவை குறுவாய்த் தவளைக் குஞ்சுகள். இதனால் ஒரு சிக்கலும் எழுந்தது: முதல் நாள் கண்ட மிதக்கும் படலம் இந்த இரண்டில் எதனுடையது என்று இனிச் சொல்ல முடியாது. ஆகவே முட்டைப் படலத்தைச் சான்றிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணையும் வாயையும் மட்டும் வைத்தே பதிவை எழுதினோம்.

அந்தப் பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட பலூன் தவளை இனங்கள் வாழ்கின்றன. குஞ்சுப் படத்தில் அவற்றைப் பிரிக்க முடியாததால், இனப்பெயர் எழுதாமல் பேரினத்தோடு நிறுத்தி `Uperodon sp.` என்றும், இரண்டாவது பதிவாக `Microhyla sp.` என்றும் எழுதச் சொன்னேன். 'கண் பக்கவாட்டில், வாய் நுனியில், கொம்புத்தாடை தெரியவில்லை, பின்கால் மொட்டு உண்டு, நீர் தேங்கி 9 நாள்' என்று காரணத்தையும் அதன் கீழே சேர்த்தோம். பின்னால் பார்ப்பவர் நம் முடிவை மறுக்க விரும்பினால் எந்தப் படியில் மறுக்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். வாலிழந்து கரையேறும் குட்டித் தவளையை எடுத்தால் இனம் தெரிந்துவிடும் என்று தம்பி தினமும் மாலையில் போய்ப் பார்த்து வந்தார். இடையில் பத்து நாள் வெயில் அடித்தது. குட்டை சேறாகிக் காய்ந்துவிட்டதால், பதிவு இன்றும் `Uperodon sp.` என்றே இருக்கிறது.